ஐ.எஸ்.ஓ. வார எண்: வாரத்தின் திங்கட்கிழமையைக் கண்டறிதல்

ஐ.எஸ்.ஓ. வார எண் என்பது ஓர் ஆண்டின் வாரங்களை 1 முதல் 52 வரை, சில ஆண்டுகளில் 53 வரை, வரிசையாக எண்ணிக் குறிக்கும் முறையாகும். 1988-இல் முதலில் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் பன்னாட்டுத் தரத்தில் இம்முறை இடம்பெற்றுள்ளது. நம் ஊர் நாட்காட்டிகளில் இந்த எண் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆனால் ஐரோப்பாவுக்குக் காலணியும் தோல் பொருளும் அனுப்பும் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்தில் அலுவலக வேலை பார்ப்பவர்களுக்கு இது பழக்கமானது. ஜெர்மனியிலிருந்து வரும் ஆர்டரில் சரக்கு எப்போது வேண்டும் என்பதைத் தேதியாக எழுதாமல் `KW 24` என்று எழுதியிருப்பார்கள். `KW` என்பது நாட்காட்டி வாரம் எனப் பொருள்படும் கலேண்டர்வோகெ என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம். ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து கணக்குப் பிரிவு வேலைக்குப் போகும் பிள்ளைகள் முதலில் தடுமாறும் இடங்களில் இதுவும் ஒன்று.

முதல் வாரம் எது?

இம்முறையில் வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடியும். ஒரு வாரத்தை இரண்டாக வெட்டி ஒரு பாதியைப் பழைய ஆண்டுக்கும் மறுபாதியைப் புதிய ஆண்டுக்கும் கொடுப்பதில்லை. ஏழு நாளில் எந்த ஆண்டுக்கு நான்கு நாளோ அதற்கு மேலோ வருகிறதோ, முழு வாரமும் அந்த ஆண்டுக்கே சொந்தம். ஏழு நாளின் நடுநாள் வியாழன் என்பதால், வியாழன் எந்த ஆண்டில் விழுகிறது என்று பார்த்தாலே போதும். ஆகவே, ஆண்டின் முதல் வியாழக்கிழமை உள்ள வாரமே முதல் வாரம்.

இதிலிருந்து ஒரு வசதியான விதி கிடைக்கிறது: ஜனவரி 4 எப்போதும் முதல் வாரத்தில்தான் இருக்கும். ஜனவரி 4 திங்களாக இருந்தால் அவ்வார வியாழன் ஜனவரி 7. ஞாயிறாக இருந்தால் வியாழன் ஜனவரி 1. இடையில் எந்தக் கிழமையானாலும் வியாழன் 1-க்கும் 7-க்கும் நடுவில்தான் வரும். அதனால் கணக்கை ஜனவரி 1-இல் தொடங்காமல் 4-இல் தொடங்க வேண்டும். ஜனவரி 1 சில ஆண்டுகளில் முந்தைய ஆண்டின் கடைசி வாரத்தில் மாட்டிக்கொள்ளும்.

திங்கட்கிழமையைக் கண்டறியும் முறை

ஜனவரி 4-இலிருந்து பின்னோக்கிச் சென்று அவ்வாரத்தின் திங்களைக் கண்டுபிடிக்கவும். கொடுத்த வார எண்ணில் ஒன்றைக் கழித்து, ஏழால் பெருக்கி, அத்தனை நாளை அந்தத் திங்களோடு கூட்டவும்.

2026-இன் 24-ஆம் வாரத்தை எடுத்துக்கொள்வோம். 2026 ஜனவரி 4 ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரத்தின் திங்கள் ஆறு நாள் முன்னால், 2025 டிசம்பர் 29. அதோடு 23 × 7 = 161 நாளைக் கூட்ட வேண்டும். டிசம்பர் 31-க்குப் போக 2 நாள், மீதி 159. ஜனவரி முதல் மே முடிய 151 நாள்; மீதி 8. எனவே விடை 2026 ஜூன் 8. ஐ.எஸ்.ஓ. முறையில் இந்த நாளை `2026-W24-1` என்று எழுதுவார்கள். கடைசி 1 திங்களைக் குறிக்கிறது.

2025 டிசம்பர் 29 என்ற தேதி 2026-இன் முதல் வாரத்தில் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். வார எண்ணோடு எழுதும் ஆண்டு எப்போதும் நாட்காட்டி ஆண்டாக இருக்காது.

திங்கள் எது என்று தெரிந்தால்தான் நம் ஊர் விடுமுறையோடு அதை ஒப்பிட முடியும். 2025-இன் 14-ஆம் வாரத் திங்கள் மார்ச் 31. அன்றுதான் இங்கு ரம்ஜான். ஆர்டர் தாளில் வெறும் 14 என்ற எண்ணைப் பார்த்தவருக்கு, அந்த வாரம் ஆம்பூரில் எத்தனை நாள் வேலை நடக்கும் என்பது தெரியாது.

எக்செலில்

ஆண்டு A1 கட்டத்திலும் வார எண் B1 கட்டத்திலும் இருந்தால்:

```
=DATE(A1,1,4)-WEEKDAY(DATE(A1,1,4),3)+7*(B1-1)
```

`WEEKDAY` சூத்திரத்தில் 3 என்று கொடுத்தால் திங்கள் 0, ஞாயிறு 6 என்று எண்ணும். ஆகவே அதைக் கழித்தால் நேராகத் திங்களுக்கு வந்துவிடுகிறோம். கையால் செய்த கணக்கேதான் இது. விடை ஐந்து இலக்க எண்ணாகத் தெரிந்தால் கட்டத்தின் வடிவமைப்பைத் தேதியாக மாற்றவும்.

தேதியிலிருந்து வார எண்ணைப் பெற `ISOWEEKNUM` உண்டு. பலர் பயன்படுத்துவதோ `WEEKNUM`. இது வேறு எதையும் குறிப்பிடாதபோது ஜனவரி 1 உள்ள வாரத்தை முதல் வாரமாகவும், ஞாயிறை வாரத்தின் முதல் நாளாகவும் கொள்ளும். இதில் ஆபத்து என்னவென்றால், 2023 முதல் 2026 வரை நான்கு ஆண்டுகளிலும் ஆண்டுக்குள் வரும் திங்கள் முதல் சனி வரையிலான நாட்களுக்கு, டிசம்பர் கடைசி நாட்கள் சிலவற்றைத் தவிர, இரண்டும் ஒரே எண்ணைத் தருகின்றன. பழகிப்போய் நம்பிவிடுவோம். 2027 ஜனவரி 1 வெள்ளிக்கிழமை என்பதால் அவ்வாண்டில் `WEEKNUM` ஒன்று கூடுதலாகக் காட்டும். 2027 மார்ச் 8 திங்கள் ஐ.எஸ்.ஓ. முறையில் 10-ஆம் வாரம். `WEEKNUM` 11 என்று சொல்லும். மார்ச் 8-இல் சரக்கு தருவதாக எண்ணி 11-ஆம் வாரம் என்று பதில் எழுதினால், ஜெர்மனிக்காரர் அதை மார்ச் 15 என்று எடுத்துக்கொள்வார். தலைகீழாக, அவர் எழுதிய 10-ஐ நாம் மார்ச் 1 என்று படித்தால், தைக்க வேண்டிய ஒரு வாரத்தை வீணாக இழப்போம். 2028-இலும் இதே நிலைதான்.

53-ஆம் வாரம்

ஜனவரி 1 வியாழனாக இருக்கும் ஆண்டுக்கும், புதனில் தொடங்கும் லீப் ஆண்டுக்கும் 53 வாரங்கள். 2020-இல் இருந்தது, 2026-இலும் உண்டு. அதன் 53-ஆம் வாரம் டிசம்பர் 28 திங்களன்று தொடங்குகிறது.

வாரத்தைப் பின்னோக்கி எண்ணும்போது இது முக்கியம். 2027-இன் 3-ஆம் வாரத்தில் சரக்கு ஹாம்பர்க் துறைமுகம் சேர வேண்டும். கடற்பயணத்துக்கு ஐந்து வாரம் என்று வைத்துக்கொள்வோம். 3 - 5 = -2. வழக்கம்போல 52-ஐக் கூட்டினால் 50-ஆம் வாரம், டிசம்பர் 7. ஆனால் 2026-க்கு 53 வாரம் என்பதால் சரியான விடை 51-ஆம் வாரம், டிசம்பர் 14. சந்தேகமானால் தேதியில் எண்ணிப் பாருங்கள்: 2027 ஜனவரி 18-இலிருந்து 35 நாள் பின்னால் போனால் டிசம்பர் 14 வரும்.

மேலே கொடுத்த எக்செல் சூத்திரம் இல்லாத வாரத்தைக் கண்டு நிற்காது. 2025-க்கு 52 வாரம்தான். இருந்தும் 53 என்று கொடுத்தால் 2025 டிசம்பர் 29 என்று அமைதியாக விடை சொல்லும். அது 2026-இன் முதல் வாரம். பைத்தானில் இப்படி நடப்பதில்லை:

```
from datetime import date
print(date.fromisocalendar(2026, 24, 1))
```

இது `2026-06-08` என்று காட்டும். ஆண்டை 2025 என்றும் வாரத்தை 53 என்றும் மாற்றினால் `ValueError` என்று நின்றுவிடும்.

எந்தச் சூத்திரமும் சொல்லாத ஒன்று உண்டு. `KW 24` என்பது சரக்கு சென்னைத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் வாரமா, வாங்குபவர் கிடங்குக்குப் போய்ச் சேரும் வாரமா. திங்களன்றே வேண்டுமா, ஞாயிறுக்குள் வந்தால் சரியா என்பதெல்லாம் ஆர்டர் கொடுத்தவரிடம் கேட்டு, தேதியாகவே எழுதி வாங்க வேண்டியவை.