காப்பி போடும் நண்பருக்கு என்ன கொடுப்பது?

பரிசு கொடுப்பதில் ஒரு விசித்திரமான சங்கடம் உண்டு. ஒருவருக்கு எந்தப் பொருளில் அதிகப் பிரியமோ அந்தப் பொருளை அவர் ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பார். வெற்றிலைப் பிரியருக்கு நாம் வெற்றிலைப் பெட்டி வாங்கிக் கொண்டு போனால், அது அவர் வீட்டில் மூன்றாவது பெட்டியாகத்தான் இருக்கும். காப்பிப் பிரியர் ஒருவர் விஷயத்தில் இந்தத் தவறை நாமே செய்தோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

நம் நண்பர் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போதித்து ஓய்வு பெற்றவர். அவருடைய அறுபதாவது பிறந்த நாளுக்குப் பளபளவென்று ஒரு பித்தளைப் பில்டரும், அதற்கு இணையாக டவரா டம்ளரும் வாங்கிக் கொண்டு போனோம். நண்பர் மிகுந்த சந்தோஷத்துடன் பெற்றுக்கொண்டார். உடனே அவற்றைக் கண்ணாடி அலமாரியில், பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு சமையலறைக்குள் சென்று, அடி நசுங்கிய தம் பழைய எவர்சில்வர் பில்டரை எடுத்துக் கழுவலானார். பரிசு இன்றும் அலமாரியில்தான் இருக்கிறது.

சென்ற வருஷம் அவருடைய மனைவியார் காலமானார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நண்பர், "மோர் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்க ஆரம்பித்தார். காப்பிக்குப் பேர் போன வீட்டில் மோரா என்று நமக்கு ஆச்சரியம். ஒரு நாள் வற்புறுத்திக் கேட்டதில் உண்மை வெளிவந்தது.

"ஒரு நாள் வருகிற காப்பி மறுநாள் வருவதில்லை, ஸார். ஒரு நாள் கஷாயம். ஒரு நாள் கழுநீர். அந்தப் பொடி, அந்தப் பில்டர், அந்தக் கரண்டி எல்லாம் அவள் இருந்தபோது இருந்தவைதான். வந்தவர்களுக்கு எதை நம்பிக் கொடுப்பது?"

அப்போதுதான் நமக்குப் புத்தி வந்தது. காப்பி போடுகிறவருக்குப் பரிசு வாங்க வேண்டுமானால், கடைக்குப் போவதற்கு முன் அவருடைய சமையலறைக்குப் போக வேண்டும். அவர் காப்பி எங்கே கெடுகிறது என்று ஒரு காலை வேளை நின்று பார்த்துவிட்டால், எதை வாங்க வேண்டும் என்பது தானே விளங்கிவிடும்.

கரண்டியின் கணக்கு

மறுநாள் காலை அவர் பக்கத்தில் நின்று பார்த்தோம். நான்கு கரண்டி பொடியைப் பில்டரின் மேல் பாத்திரத்தில் போட்டார். குடையை வைத்து அழுத்தினார். கொதிக்கிற வெந்நீரைப் 'போதும்' என்று தோன்றும் வரையில் விட்டார். டிகாக்ஷன் இறங்கவில்லை. மூடியைத் திறந்து பார்த்தார், பக்கவாட்டில் தட்டினார், பெருமூச்சு விட்டார். அரை மணி நேரத்தில் கருகருவென்று கொஞ்சம் இறங்கியது. அதற்கு முன்தினமோ ஐந்தே நிமிஷத்தில் மள மளவென்று இறங்கிவிட்டதாம்.

வீட்டுக்கு வந்ததும் நம்மிடமிருந்த சமையல் தராசில் ஒரு சோதனை செய்தோம். ஒரே பொடியை, ஒரே கரண்டியால், குவித்து எடுத்துத் தனித்தனியே நிறுத்தோம். முதல் கரண்டி 7 கிராம், இரண்டாவது 10, மூன்றாவது 8. கரண்டியைக் குவிக்கும் விதத்திலும், டப்பாவுக்குள் பொடி அமுங்கியிருக்கும் விதத்திலும் வருகிற வித்தியாசம் இது. ஆகவே நான்கு கரண்டி என்பது ஒரு நாள் 28 கிராமாகவும், மற்றொரு நாள் 38 கிராமாகவும் இருக்கலாம். போதாக்குறைக்குக் கருக வறுத்த கொட்டை உப்பி எடை குறைந்திருக்கும். ஆதலால் வறுவல் மாறினாலும் கரண்டியின் கணக்கு மாறிவிடும். வெந்நீருக்கோ கரண்டிக் கணக்கு கூடக் கிடையாது.

அந்த அம்மாளுக்குக் கையே தராசாக இருந்தது. இருபத்தைந்து வருஷப் பழக்கத்தில் வந்த கைக்கணக்கு அது. கரண்டி வீட்டில் இருக்கிறது, கை இல்லை. இந்தக் குறையைப் பித்தளைப் பில்டர் எப்படித் தீர்க்கும்?

என்ன வாங்கினோம்

கையில் வைத்துக்கொண்டது 1,000 ரூபாய். அதில் பெரிய பங்காகச் சுமார் 500 ரூபாய்க்கு, மின்கலத்தில் இயங்கும் சமையல் தராசு ஒன்று வாங்கினோம். ஒரு கிராம் வரை காட்டினால் பில்டர் காப்பிக்குப் போதும். முப்பது கிராம் பொடியில் ஒரு கிராம் ஏறக்குறைய இருந்தால் நாக்குக்குத் தெரியாது; பத்து கிராம் என்றால் நன்றாகத் தெரியும்.

தராசைக் கடையிலேயே சோதித்து வாங்குவது நல்லது. இரண்டு உலோகங்களாலான 10 ரூபாய் நாணயம் ஒன்று ஏறக்குறைய 7.7 கிராம் எடை. பத்து நாணயங்களை அடுக்கி வைத்தால் தராசு 77 காட்ட வேண்டும். ஒன்று முன்பின் இருந்தால் பாதகமில்லை. அதே அடுக்கைத் தட்டின் ஓரத்துக்கு நகர்த்தினாலும் எண் மாறக்கூடாது. கால் படிக்கு முக்கால் படி என்று ஓரத்தில் வேறு கணக்குச் சொல்லும் தராசை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

இம்மாதிரித் தராசுகளில் மற்றொரு குணமும் உண்டு. பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் சில தராசுகள் அதைக் கவனிப்பதே இல்லை. எண் அசையாமல் நிற்கும். தட்டின் சிறு அசைவுகளைப் பொருட்படுத்தாதபடி அவற்றை அமைத்திருப்பதுதான் காரணம். பொடியைக் கரண்டியால் ஒரேயடியாகப் போட்டால் இந்தத் தொந்தரவு இல்லை.

பாக்கிப் பணத்தில் நண்பர் வழக்கமாக வாங்கும் கடையிலேயே, வழக்கமான கலவையில், அன்றைக்கு அரைத்த பொடி 250 கிராமும், இறுக மூடும் சிறிய எவர்சில்வர் டப்பா ஒன்றும் வாங்கினோம். ஒரு கிலோவாக வாங்கிக் கொடுத்தால் பார்வைக்குப் பெருந்தன்மையாக இருக்கும். ஆனால் தினம் 30 கிராம் செலவழிப்பவருக்கு ஒரு கிலோ ஒரு மாதத்துக்கு மேல் வரும். அரைத்த பொடியின் வாசனை அதுவரை காத்திருக்காது. கால் கிலோ எட்டு நாளில் தீர்ந்துவிடும். எட்டாம் நாளும் வாசனை மிச்சமிருக்கும்.

வழக்கமான கலவை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சிக்கரி டிகாக்ஷனுக்குக் கறுப்பும் கனமும் தரும். தண்ணீரில் ஊறி உப்பி, இறங்கும் வேகத்தையும் குறைக்கும். கலவையை நாமாக மாற்றிவிட்டால், குற்றம் பொடியிலா அளவிலா என்று நண்பருக்குத் தெரியாமல் போய்விடும். பொட்டலத்தில் அடைத்து விற்கும் கலவையில் காப்பி நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையக்கூடாது என்றும், விகிதத்தை மேலே அச்சிட வேண்டும் என்றும் நம் நாட்டில் விதி இருக்கிறது. ஆகையால் நண்பர் வீட்டுக் காலிப் பொட்டலத்தைப் பார்த்தாலே கலவை தெரிந்துவிடும்.

கையால் சுற்றி அரைக்கும் இயந்திரம் வாங்கலாமே என்று சிலர் கேட்கலாம். கொட்டையாக வாங்கும் நண்பரானால் அது உத்தமமான பரிசு. ஆனால் விலை மலிவான இயந்திரத்தில் நடுத்தண்டு ஆடும். மாவும் குருணையுமாகக் கலந்து விழும். நல்ல இயந்திரம் நம்முடைய ஆயிரம் ரூபாய்க்குள் அடங்காது. கடையில் அரைத்து வாங்குகிறவருக்கு அதனால் பயனும் இல்லை.

முதல் நாள்

நண்பர் வீட்டிலேயே தராசை வைத்து ஒரு முறை போட்டுக் காட்டினோம். பில்டரின் மேல் பாத்திரத்தைத் தட்டில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, 30 கிராம் பொடி போட்டோம். பாத்திரத்தை மெதுவாகத் தட்டிப் பொடியைச் சமமாக்கி, குடையை அழுத்தாமல் அதன் மேல் உட்கார வைத்தோம். பில்டரைக் கீழ்ப் பாத்திரத்துடன் சேர்த்து, மடித்த துணியின் மேல் தராசில் வைத்து, மறுபடியும் பூஜ்யமாக்கினோம். கொதித்து இறக்கிய வெந்நீரில் முதலில் 50 கிராம் விட்டு, பொடி முழுவதும் நனைய அரை நிமிஷம் பொறுத்தோம். பிறகு 180 வரும் வரையில், பாத்திரம் இடம் கொடுக்கக் கொடுக்க மெள்ள விட்டோம்.

இருபது நிமிஷத்தில் டிகாக்ஷன் இறங்கி முடிந்தது. 120 கிராம் இருந்தது. "பாக்கி 60 எங்கே?" என்று கணக்கு வாத்தியார் உடனே கேட்டார். பொடி தன் எடையைப் போல் இரண்டு மடங்கு தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் என்று சொன்னோம். விடையைச் சரிபார்த்த முகத்துடன் தலையை ஆட்டினார்.

இனி ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். தண்ணீர் 180 ஆகவே இருக்கட்டும். ருசி போதாவிட்டால் பொடியை இரண்டு கிராம் கூட்டட்டும். அளவு சரியாக இருந்தும் ஐந்து நிமிஷத்தில் இறங்கிவிட்டால் பொடி பருமன். கடைக்காரரிடம் இன்னும் சற்று நைசாக அரைக்கச் சொல்ல வேண்டும். ஒரு மணியாகியும் மேலே தண்ணீர் நின்றால், மேல் பாத்திரத்தைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். துவாரங்கள் தெரியாவிட்டால் குற்றம் பில்டரின் அடைப்பு. பழைய வழக்கப்படி அடுப்பில் காட்டிக் கசடைப் பொசுக்கிக் கழுவினால் தீர்ந்துவிடும். துவாரங்கள் நன்றாகத் தெரிந்தால் குற்றம் பொடியின் நைஸில்.

தராசு காப்பியை ருசியாக்குவதில்லை. பழைய பொடியையும் நீர்த்த பாலையும் அது ஒன்றும் செய்துவிட முடியாது. இன்று நாக்குக்குப் பிடித்ததை நாளைக்கும் கொண்டுவந்து தரும், அவ்வளவுதான். நண்பருக்கு வேண்டியிருந்ததும் அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தோம். நண்பர் மோரைப் பற்றிப் பேசவே இல்லை. சமையலறைச் சுவரிலிருந்த நாட்காட்டியில் தினந்தோறும் பென்ஸிலால் ஓர் எண் எழுதியிருந்தது: 30, 30, 32, 32, 34. அதற்கப்புறம் எல்லா நாளும் 34.

டம்ளரை நம் கையில் கொடுத்துவிட்டு நண்பர் சொன்னார்: "அவள் கை எத்தனை கிராம் என்று இப்போதுதான் தெரிந்தது, ஸார்."

காப்பி, பழைய காப்பியாகவே இருந்தது.