சாஃப்ட்வேரை நீக்கினால் பணம் கழிவது நிற்குமா?

சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது அப்பா பாஸ்புக்கை நீட்டி, "மாசாமாசம் 499 ரூபாய் எதுக்குப்பா போகுது?" என்று கேட்டார். மூன்று மாதங்களாக ஒரே தேதியில் பணம் கழிந்திருந்தது.

விசாரித்தபோது விஷயம் புரிந்தது. கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் ஒரு பெண் போன் செய்து, "வைரஸ் பாதுகாப்புக்கு இப்போ ஒரு ரூபாய் மட்டும் கட்டுங்க சார்" என்று பேசியிருக்கிறார். செல்போனுக்கு வந்த கோரிக்கையை ஏற்று அப்பாவும் யூபிஐ பின் எண்ணை அடித்துவிட்டார். ஒரு ரூபாய்க்குக் கீழே, மாதம் 499 ரூபாய் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று ஆங்கிலத்தில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

இதற்குப் பெயர் ஆட்டோபே. அனுமதி தரும்போது ஒருமுறை பின் எண் கேட்கும். அதன்பின், பொதுவாக 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு மறுபடி கேட்காமலேயே பணம் கழியும்.

நான் உடனே அந்த ஆன்ட்டிவைரஸை கம்ப்யூட்டரிலிருந்து நீக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து, நாளை 499 ரூபாய் கழிக்கப்படும் என்று அப்பாவின் செல்போனுக்கு எஸ்எம்எஸ் வந்தது! அனுமதி இருப்பது வங்கிக் கணக்கில். சாஃப்ட்வேரை நீக்கினால் அது போகாது. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே இப்படித் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. முந்தைய மாதங்களிலும் இந்த எஸ்எம்எஸ் வந்திருந்தது. விளம்பரம் என்று நினைத்து அப்பா திறக்கவே இல்லை.

ரத்து செய்வது எளிது. அனுமதி கொடுத்த அதே யூபிஐ ஆப்பைத் திறந்து, உங்கள் படத்தைத் தொட்டு, Autopay என்ற பகுதிக்குச் செல்லுங்கள். நடப்பில் உள்ள அனுமதிகள் பட்டியலாக வரும். உரிய நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து Cancel என்பதைத் தொடுங்கள். அருகில் Pause இருந்தால் அதைத் தொடாதீர்கள். அது தற்காலிக நிறுத்தம் மட்டுமே. ரத்து செய்யவும் பின் எண் தேவை. அதை அப்பாவையே அடிக்கச் சொன்னேன். நடப்புப் பட்டியலிலிருந்து அந்தப் பெயர் மறைந்ததும் ரத்து உறுதியானது. மறுநாள் பணம் கழியவில்லை.

போனில் கார்டு எண் கொடுத்திருந்தால் இந்தப் பட்டியலில் வராது. கார்டு தந்த வங்கியின் இணையதளத்திலோ ஆப்பிலோதான் அதை ரத்து செய்ய வேண்டும்.

ஏற்கெனவே போன பணம் இதனால் திரும்பாது. நடந்ததை எழுதி அந்த நிறுவனத்துக்கு ஈமெயில் அனுப்பினேன். கடைசி மாதத் தொகையை மட்டும் திருப்பித் தந்தார்கள். நிறுவனமே போலி என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உங்கள் பெற்றோரின் செல்போனில் அந்தப் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள்.