இடித்தது டிராக்டர் இல்லை

விமானம் நிற்கும் ஏப்ரனில் பெட்டி ஏற்றும் தொழிலாளியை ஒரு வண்டி இடித்துவிட்டால், காரணம் என்ற கட்டத்தில் எழுதுவதற்கு இரண்டு வரிகள் தயாராக இருக்கும். ஒன்று, ஓட்டுநர் கவனிக்கவில்லை. மற்றொன்று, தொழிலாளி பார்த்து நிற்கவில்லை. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் அதே இடத்தில் அடுத்தவர் அடிபடாமல் இருக்க அவை உதவுவதில்லை. அதற்கு உதவுவது அடிபட்டவரே எழுதும் விவரமான அறிக்கை.

எப்படி என்பதற்கு, அமெரிக்க விமான நிலையம் ஒன்றில் நடப்பதாக ஒரு நிகழ்ச்சியைக் கற்பனை செய்துகொள்வோம். பின்பக்கச் சரக்கறையின் கீழே பெல்ட் லோடர் ஓடுகிறது. காதுக் கவசம் அணிந்த தொழிலாளி ஒருவர் பெட்டிகளை அதில் எடுத்து வைக்கிறார். நான்கு டாலிகளை இழுத்தபடி ஒரு டிராக்டர் அவருக்கு ஒன்றரை மீட்டர் தள்ளி இடப்புறமாகத் திரும்புகிறது. அவர் நிமிர்ந்து பார்க்கிறார். டிராக்டர் கடந்துவிட்டது என்று மறுபடி குனிகிறார். அடுத்த கணம் காலில் அடி விழுகிறது.

"டிராக்டர் இடித்துவிட்டது" என்றுதான் அவர் முதலில் சொல்வார். ஆனால் காயம் கணுக்காலுக்குச் சற்று மேலே இருக்கிறது. டிராக்டரின் முன்பகுதி மோதியிருந்தால் அடி இன்னும் உயரத்தில் விழுந்திருக்கும். தாழ்ந்த தளம் கொண்ட டாலியின் முனைதான் அந்த உயரத்துக்குப் பொருந்துகிறது. அவரை இடித்தது நான்காவது டாலி.

வளைவில் திரும்பும்போது எந்த டாலியும் தனக்கு முன்னால் போவதன் தடத்திலேயே போகாது. இழுகம்பி அதை உள்பக்கமாக இழுப்பதால் வளைவைச் சற்றுக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். ஒவ்வொன்றும் 40 சென்டிமீட்டர் உள்வாங்கினால் நான்காவது டாலி 160 சென்டிமீட்டர் உள்ளே வந்துவிடும். டிராக்டர் விட்டுப்போன ஒன்றரை மீட்டர் இடைவெளி அதற்குள் கரைந்துவிடும். ஓட்டுநர் அப்போது எதிரே உள்ள விமானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசி டாலி அவர் கண்ணில் படாது. எஞ்சின் இரைச்சலில் அது உருண்டு வரும் சத்தம் தொழிலாளிக்கும் கேட்காது.

ஆகவே நல்ல அறிக்கை வேகத்தைப் பற்றிய குற்றச்சாட்டோடு முடிந்துவிடாது. எத்தனை டாலிகள் இருந்தன, எது இடித்தது, அதில் சுமை இருந்ததா, தான் வளைவின் எந்தப் பக்கம் நின்றேன் என்றெல்லாம் சொல்லும். ஓட்டுநர் ஏன் அவ்வளவு நெருக்கமாகத் திரும்பினார் என்பதையும் விடாது. நம் எடுத்துக்காட்டில், அவர் வழக்கமாகப் போகும் பாதையில் எரிபொருள் லாரி நின்றிருந்தது. இந்த ஒரு வாக்கியம் கிடைத்தால், லாரி நிற்கும் இடத்தை மாற்றலாம், டாலிகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், கடைசி டாலி கடக்கும்வரை வேலையை நிறுத்தச் சொல்லலாம்.

இவ்வளவையும் நிர்வாகத்திடம் எழுதப் பலர் தயங்குவார்கள். ஓட்டுநர் சக தொழிலாளி, வேலையும் போய்விடலாம். இந்தத் தயக்கத்துக்கு அமெரிக்கா ஒரு வழி கண்டது. 1974 டிசம்பரில் வாஷிங்டன் அருகே டிடபிள்யூஏ 514 விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பு வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே குழப்பத்தில் சிக்கித் தப்பியிருந்தது. அந்த எச்சரிக்கை அதன் நிறுவனத்தைத் தாண்டி வெளியே வரவில்லை. பிறகு, 1976-இல் விமானப் பாதுகாப்பு அறிக்கை அமைப்பு உருவானது. தண்டிக்கும் அதிகாரம் கொண்ட துறையிடம் யாரும் மனம்விட்டு எழுத மாட்டார்கள் என்பதால் அதை நடத்தும் பொறுப்பு நாசாவிடம் தரப்பட்டது.

விமானிகளைப் போலவே தரைப் பணியாளர்களும் இங்கே எழுதலாம். படிவத்தின் ஒரு பகுதியில் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். ஆய்வாளர் படித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் அழைத்துக் கேட்பார். பிறகு அந்தப் பகுதி எழுதியவருக்கே திருப்பி அனுப்பப்படும். அடையாளம் நீக்கிய விவரம் மட்டும் தரவுத்தளத்தில் சேரும்.

இதனால் ஆகாத காரியங்களும் உண்டு. இழப்பீடு கேட்க இந்த அறிக்கை பயன்படாது. அதற்கு நிர்வாகத்திடம் தனியாகக் காய அறிக்கை தர வேண்டும். காயத்துக்குச் சிகிச்சை பெற உள்நோயாளியாகச் சேர்ந்தால், முதலாளி 24 மணி நேரத்துக்குள் தொழில் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவிக்கவும் வேண்டும். நாசாவுக்கு வருபவை தாமாக முன்வந்து எழுதியவை, யாரும் நேரில் சரிபார்க்காதவை. அவற்றை எண்ணி, ஆண்டுக்கு இத்தனை பேர் அடிபடுகிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஒரு விபத்து எப்படி நேர்கிறது என்பதை அவற்றிலிருந்து தெரிந்துகொள்ளலாம். அதற்கும், எந்த டாலி இடித்தது என்று எழுதியவர் சொல்லியிருக்க வேண்டும்.