காக்கும் வினையே காயமாகும்போது: உண்ணிக் காய்ச்சலும் செப்சிஸும்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைக் கடந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பகுதியில், ஆலை மதில்களையும் ஏரிக்கரைகளையும் ஒட்டிப் புதர் மண்டிய மனைகள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. எலிகளை அண்டி வாழும், உண்ணியை ஒத்த ஒரு நுண்ணிய பூச்சியின் இளம்பருவம் இத்தகைய புதர்நிலங்களில்தான் மனிதர் மேல் ஏறுகிறது. அதன் கடியால் பரவும் ஸ்க்ரப் டைஃபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சல் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர், வேலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் காணப்படுவதை 2024 இறுதியில் தமிழகப் பொதுச் சுகாதாரத் துறை சுட்டிக்காட்டி எச்சரித்தது. கிருமித் தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை வரம்பு மீறி, உடலின் சொந்த உறுப்புகளையே சிதைக்கத் தொடங்கும் நிலைக்குச் செப்சிஸ் என்று பெயர். அது உருவாகும் விதத்தைப் புரிந்துகொள்ள இந்தக் காய்ச்சலைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் பகுதியில் அரிது.

இதை உண்டாக்கும் ஓரியன்ஷியா என்ற பாக்டீரியா, உயிரணுக்களுக்கு உள்ளே புகுந்து மட்டுமே பெருகக்கூடியது. கடித்த இடத்துத் தோலில் சில நாள் தங்கி, அங்குள்ள காவல் அணுக்களின் வழியாகவே நிணநீருக்கும் இரத்தத்துக்கும் பரவி, இறுதியில் இரத்தக் குழாய்களின் உட்சுவரில் குடியேறுகிறது. கடிபட்டதிலிருந்து காய்ச்சல் தொடங்க வழக்கமாகப் பத்து நாள் அளவில் ஆகிறது. அதற்குள் கடிவாயில் வலியோ அரிப்போ இல்லாத கறுப்புப் பொருக்கு ஒன்று உருவாகியிருக்கலாம். அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் கீழ், இடுப்புத் துணி இறுகும் இடம் ஆகியவற்றில் அது மறைந்திருப்பதால் நோயாளியே அதை அறிந்திருப்பதில்லை. உடை களையச் சொல்லித் தேடிப் பார்க்கும் மருத்துவருக்கே அது அகப்படும். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் அந்தத் தேடலுக்கு நேரம் கிடைப்பதில்லை என்பதும் இந்நோயின் கதையில் ஒரு பகுதிதான்.

நுண்குழாயின் உட்சுவர் ஒற்றை வரிசை உயிரணுக்களால் ஆனது. அவ்வணுக்கள் ஒன்றோடொன்று புரதப் பிணைப்புகளால் இறுகியிருக்கும். அவற்றின் மேல் சர்க்கரையும் புரதமும் கலந்த மெல்லிய பூச்சு ஒன்று படிந்திருக்கும். கிருமியை உணர்ந்த வெள்ளணுக்கள் சைட்டோகைன்கள் எனப்படும் வேதிச் செய்திகளை வெளியிடுகின்றன. ஓர் இடத்தில் மட்டும் தொற்று இருந்தால், அச்செய்திகளால் அங்குள்ள குழாய் விரிந்து, சுவர் சற்றே நெகிழ்ந்து, படைவீரர்களான அணுக்கள் திசுவுக்குள் இறங்க வழி கிடைக்கும். அது நோயை வெல்லும் முறை. அதே செய்தி உடல் முழுவதும் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது எல்லா இடத்துக் குழாய்களும் விரிகின்றன, மேற்பூச்சு உரிகிறது, பிணைப்புகள் தளர்கின்றன, இரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் கசிகிறது. உரிந்த சுவரின் மேல் இரத்தம் உறையத் தொடங்குவதால் நுண்குழாய்கள் அடைபடுகின்றன, தட்டணுக்களும் அதில் செலவாகின்றன. குழாய்ச் சுவரையே உறைவிடமாகக் கொள்ளும் கிருமி என்பதால் உண்ணிக் காய்ச்சலில் இந்தச் சேதம் இரு பக்கமிருந்தும் நேர்கிறது.

ஆலை வளாகம் ஒன்றில் புல்வெட்டும் அறுபது கிலோ எடையுள்ள தொழிலாளி ஒருவரை விளக்கத்துக்காகக் கற்பனை செய்துகொள்ளலாம். காய்ச்சல், தலைவலி, உடல்வலியுடன் முதல் ஐந்து நாள் மாத்திரையோடு கழிகிறது. ஏழாம் நாள் மூச்சு வாங்குகிறது, சிறுநீர் குறைகிறது. பரிசோதனையில் இரத்த அழுத்தம் 86/50, தட்டணுக்கள் 82,000, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் 1.7, கல்லீரலைக் காட்டும் பிலிருபின் 1.5. செப்சிஸுக்கு 2016இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு வரையறை, ஒவ்வோர் உறுப்பின் பழுதுக்கும் மதிப்பெண் இடும் சோஃபா அட்டவணையில் தொற்றினால் இரண்டு புள்ளி உயர்ந்தாலே அது செப்சிஸ் என்கிறது. இவருக்குத் தட்டணுக் குறைவுக்கு இரண்டு, சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் ஒவ்வொன்று, சராசரி அழுத்தம் எழுபதுக்குக் கீழே 62 ஆக இருப்பதால் மேலும் ஒன்று என, நுரையீரலைச் சேர்க்காமலேயே ஐந்து புள்ளிகள் ஆகிவிடுகின்றன. தட்டணுக் குறைவை மட்டும் பார்த்து டெங்கு என்று முடிவு கட்டினால், டெங்குவுக்கு நுண்ணுயிர்க்கொல்லி வேண்டியதில்லை என்பதால் இவருக்கு வேண்டிய மருந்து தவறிப்போகும்.

இந்த நிலையில் சிறுநீரகம் செத்துவிட்டது என்று பொருளல்ல. செப்சிஸில் இறந்தவர்களின் உடற்கூறாய்வில், செயலிழந்த சிறுநீரகத்திலும் இதயத்திலும் இறந்த அணுக்கள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகவே இருந்தன. பிராணவாயு வரத்து குன்றியதோடு, வந்ததைப் பயன்படுத்தும் மைட்டோகாண்ட்ரியா என்ற அணுவுறுப்பும் பழுதடைவதால், அணுக்கள் பிழைத்திருக்க வேண்டி வேலையை நிறுத்திவிடுகின்றன என்பது வலுவான விளக்கம். பிழைத்தவர்கள் பலருக்குச் சிறுநீரகம் மீள்வது இதனோடு பொருந்துகிறது.

எதிர்வினைதான் சேதம் செய்கிறது என்றால் அதையே அடக்கிவிடலாமே என்ற எண்ணம் இயல்பானது. 1990களில் சைட்டோகைன்களைத் தடுக்கும் மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்கப்பட்டுத் தோற்றன. உறைதலைக் கட்டுப்படுத்துவதற்காக 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஒரு மருந்தும், பலனில்லை என்று தெரிந்து 2011இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. காரணம், மிகை அழற்சியும் எதிர்ப்பாற்றல் சோர்வும் ஒரே உடலில் ஒன்றாகவே நடக்கின்றன; நிணவணுக்கள் பெருமளவில் அழிவதால், மீள்வதாகத் தோன்றும் நோயாளியை இரண்டாம் வாரத்தில் வேறொரு தொற்று தாக்குவதும் உண்டு. எதிர்வினையை ஒட்டுமொத்தமாக அடக்குவது அப்போது கேடாகிறது.

எனவே சிகிச்சை இரு வேலைகளில் நிற்கிறது. குழாய்க்குள் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது ஒன்று. முதல் மூன்று மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மில்லி வீதம், அதாவது நம் தொழிலாளிக்கு 1,800 மில்லி உப்புக்கரைசல் ஏற்றலாம் என்பது பொது வழிகாட்டுதல். ஆனால் கரை உடைந்த ஏரிக்கு வாய்க்காலில் நீர் விடுவதுபோல, கசியும் குழாய்களுக்குள் ஏற்றிய நீரில் ஒரு பங்கு நுரையீரலில் போய்ச் சேர்ந்து மூச்சுத் திணறலைக் கூட்டும். ஆகவே அளவைக் கூட்டிக்கொண்டே போகாமல், குழாயைச் சுருக்கும் நார்அட்ரீனலினைத் தொடங்கிச் சராசரி அழுத்தத்தை 65இல் நிறுத்த முயல்கிறார்கள்.

மற்றொன்று கிருமியைக் கொல்வது. தீவிரக் காய்ச்சலுக்கு வழக்கமாகத் தரப்படும் செஃப்ட்ரியாக்சோன் ஓரியன்ஷியாவிடம் பலிக்காது. டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் வேண்டும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஜார்ஜ் எம். வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் ஏழு மையங்களில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, உறுப்புப் பாதிப்புடன் வந்த ஏறக்குறைய 800 பேரை மூன்று குழுக்களாக்கி, இரு மருந்துகளையும் தனித்தனியாகவும் சேர்த்தும் நரம்பு வழியாகச் செலுத்திப் பார்த்தது. இறப்பு, ஏழாம் நாளிலும் நீங்காத உறுப்புக் கோளாறு, ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் தனி மருந்துக் குழுக்களில் 47, 48 சதவீதமாகவும் கூட்டு மருந்துக் குழுவில் 33 சதவீதமாகவும் இருந்தனர். இருப்பினும் 28 நாள் இறப்பை மட்டும் தனியே பார்த்தால் குழுக்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கிருமி ஒழிந்தாலும், அதற்கு முன்பே மூண்ட சேதம் தன் போக்கில் சில நாள் தொடரக்கூடும் என்பதை இதற்கு ஒரு காரணமாகக் கருதலாம்.

அதனால்தான் குருதிச் சோதனை முடிவுக்குக் காத்திராமல் ஐயத்தின் பேரிலேயே டாக்சிசைக்ளின் தொடங்கப்படுகிறது. ஓரியன்ஷியா வழக்கமான இரத்த வளர்ப்புச் சோதனையில் வளராது. நோயெதிர்ப்புப் புரதத்தைக் காட்டும் எலைசா சோதனையோ முதல் வாரத்தில் பொய்யாக எதிர்மறை காட்டக்கூடும். மருந்து சரியானதாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். மூன்றாம் நாளும் அது இறங்காவிட்டால் மருத்துவர்கள் வேறொரு நோயையோ, புதிதாகச் சேர்ந்த தொற்றையோ தேடத் தொடங்குகிறார்கள்.