ஊசி இல்லை, திட்டும் இல்லை

பல் மருத்துவமனை விளம்பரம் என்றாலே கறுத்துப்போன பல்லின் படமும், ‘இப்போதே கவனியுங்கள்’ என்ற எச்சரிக்கையும்தான். அதைப் பார்த்ததும் பயந்தவர் இன்னும் தள்ளிப் போகிறார். 1953-இல் இர்விங் ஜானிஸ், சீமோர் ஃபெஷ்பாக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் பள்ளி மாணவர்களிடம் பல் பராமரிப்பைப் பற்றி மூன்று விதமாகப் பேசிப் பார்த்தார்கள். ஒரு குழுவை அதிகம் பயமுறுத்தினார்கள், ஒன்றைக் கொஞ்சமாக, இன்னொன்றை லேசாக. மிகவும் கலங்கியது முதல் குழுதான். ஆனால் சொன்னபடி பழக்கத்தை மாற்றிக்கொண்டவர்கள் அந்தக் குழுவில்தான் மிகவும் குறைவு. பிற்கால ஆய்வுகள் இதைச் சற்றுத் திருத்தின: ‘இதை மட்டும் செய்தால் போதும்’ என்று எளிய வழியும் காட்டினால், பயமும் ஓரளவு உதவும்.

அப்படியானால் என்ன எழுதுவது? நாற்காலியில் சாயப்போகிறவருக்கு ஊசி பயம், டிரில் சத்தம் பயம். வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும்போது ‘நிறுத்துங்கள்’ என்று சொல்ல முடியாதே என்பது இன்னொன்று. பலரும் வெளியே சொல்லாதது, ‘இத்தனை வருஷம் என்ன பண்ணினீர்கள்?’ என்று டாக்டர் கேட்டுவிடுவாரோ என்ற கூச்சம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி கொடுத்தால் விளம்பரம் இப்படி அமையும்:

“முதல் நாள் பார்ப்பது மட்டும்தான். சின்னக் கண்ணாடி, விளக்கு, தேவைப்பட்டால் ஒரு எக்ஸ்ரே. ஊசி போட மாட்டோம். கையைத் தூக்கினால் உடனே நிறுத்திவிடுவோம். கடைசியாக எப்போது வந்தீர்கள் என்று பார்த்துக் குறை சொல்ல மாட்டோம்.”

இதில் ‘வலியே இருக்காது’ என்ற சொல் இல்லை. வேண்டுமென்றே விட்டதுதான். ஈறு வீங்கியிருந்தால் கருவி பட்டாலே வலிக்கும். ஒருமுறை பொய்யானால் அந்த ஆள் பல வருஷம் திரும்பி வர மாட்டார். செய்யப்போவதைச் சொல்லலாம், வலிக்காது என்று உறுதி தரக்கூடாது.

வலி வந்த பிறகு போகலாம் என்று இருப்பவருக்கும் ஒரு வரி வேண்டும். பல்லின் மேல்பூச்சான எனாமலில் நரம்பு கிடையாது. அதனால் சொத்தை உள்ளே இறங்கும்வரை ஒன்றும் தெரியாது. வலி தெரியும்போது பல சமயம் வேர் சிகிச்சையோ பல் எடுப்பதோதான் மிஞ்சும். பயந்தது அப்படியே நடந்துவிடுகிறது. அடுத்த முறை இன்னும் தள்ளிப்போடுகிறார். சின்னச் சொத்தையாகவே கண்டுபிடித்தால் அடைத்து முடித்துவிடலாம். இதை மிரட்டாமல் ஒரே வாக்கியத்தில் சொல்லலாம்: “வலி இல்லாதபோது வந்தால், வேலையும் சின்னதாக இருக்கும்.”

எல்லோருக்கும் ‘ஆறு மாதம்’ என்று அச்சடிப்பதும் சரியல்ல. பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு 3 மாதம் முதல் 24 மாதம்வரை, அவரவர் பல்லின் நிலைக்கேற்ப இடைவெளி தருகிறது. ‘உங்கள் அடுத்த வருகை எப்போது என்று பார்த்துவிட்டுச் சொல்வோம்’ என்பதே நேர்மையான வரி.

விளம்பரம் அச்சாகும் முன் இந்த வாசகங்களை ரிசப்ஷனில் போன் எடுக்கிறவரும் படித்திருக்க வேண்டும். ‘ஊசி போடுவீங்களா?’ என்று முதலில் கேட்கப்படுவது அவரிடம்தான்.