குளத்தின் தரையில் ஒளி வலை

நண்பகலில் நீச்சல் குளத்தை எட்டிப் பார்த்தால், தரையில் வெள்ளைக் கோடுகளாலான ஒரு வலை நெளிந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு சிற்றலையின் மேடும் ஒரு குவிலென்ஸ்தான். அரை மீட்டர் நீளமும், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே 2 செ.மீ. உயர வேறுபாடும் உள்ள அலை, உச்சி வெயிலை ஏறத்தாழ இரண்டரை மீட்டர் ஆழத்தில் குவிக்கிறது. ஒளி குவியும் இடமெல்லாம் கோடு. இதற்கு காஸ்டிக்ஸ் என்று பெயர்.

வீடியோ கேமில் ஒரு விநாடிக்கு 60 படங்கள் வரைய வேண்டும். ஒவ்வொரு கதிரையும் வளைத்துக் கணக்கிட அதில் நேரம் கிடைக்காது. அதனால் வலையின் படம் ஒன்றை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்கிறார்கள். விளிம்புகள் பொருந்தும்படி செய்த படம் என்பதால், டைல்ஸ் போலப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினாலும் ஒட்டுத் தெரியாது. அந்தப் படத்தை நகர்த்தினால் மட்டும் போதாது. ஜமுக்காளத்தை இழுப்பது போலிருக்கும். அதே படத்தை இரண்டு அளவுகளில், எதிரெதிர்த் திசையில் நகர்த்த வேண்டும்.

```glsl
vec2 p = pos.xz + L.xz / L.y * (waterY - pos.y);
float a = texture(net, p*0.30 + t*vec2(0.03, 0.02)).r;
float b = texture(net, p*0.37 - t*vec2(0.02, 0.03)).r;
float c = min(a, b);
```

உயிர் கடைசி வரியில் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் இரண்டு வலைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவது அப்பட்டமாகத் தெரியும். `min` இரண்டில் மங்கலானதை எடுக்கிறது. இரண்டுமே பளிச்சென்று இருக்கும் இடத்தில்தான் வெளிச்சம் மிஞ்சும். அதனால் கோடுகள் அறுந்து, வேறிடத்தில் சேர்ந்து, மறுபடி அறுகின்றன. கண் அதை நீரின் அசைவு என்றே எடுத்துக்கொள்கிறது. எனக்கு இன்றும் வியப்பு தருவது இந்த ஒரு வரிதான்.

முதல் வரி, தரையின் புள்ளியிலிருந்து ஒளி வந்த வழியே நீர்மட்டம்வரை ஏறிப்போகிறது. நேர் மேலிருந்து மட்டும் படத்தைப் போட்டால் தரை அழகாக இருக்கும். குளத்தின் சுவரில் வலை செங்குத்துக் கீற்றுகளாக இழுபட்டுவிடும். `L` ஒளியை நோக்கிய திசை. அது நீருக்குள் வளைந்த பிறகான திசையாக இருக்க வேண்டும். 45 டிகிரி சாய்ந்த வெயில் நீரில் சுமார் 32 டிகிரியாகிறது.

அடுத்து அடிக்கடி நேரும் பிழை, `c`-ஐ நேராக நிறத்தோடு கூட்டிவிடுவது. அப்போது கறுப்பு டைல்ஸும் ஒளிரும், டைவிங் பலகையின் நிழலுக்குள்ளும் வலை மின்னும். இது சூரிய ஒளியின் ஒரு பகுதி. ஆகவே டைல்ஸின் நிறத்தாலும் நிழலாலும் பெருக்கிய பிறகே கூட்ட வேண்டும். நீர்மட்டத்துக்கு மேலே `c` பூஜ்யம்.

ஒருவர் குளத்தில் குதித்தால் இந்த வலைக்கு அது தெரியாது. அலை வட்டமாக விரியும், தரை தன்பாட்டுக்கு நெளியும். ஈவான் வாலஸ் 2011-இல் செய்த `WebGL Water` அதற்கு வேறு வழி காட்டியது. நீரின் மேல் சிறு முக்கோணங்களாலான ஒரு கண்ணியை விரித்து, அதன் முனைகளை ஒளி வளையும் திசையில் தரைக்கு இறக்குகிறது. சுருங்கிய முக்கோணம் பிரகாசம், விரிந்தது மங்கல். குதிப்பவர் இல்லாத குளத்துக்கு மேலே உள்ள நான்கு வரிகள் போதும்.