இன்ரஷுக்கு மேலே, எல்.டி. ஷார்ட்டுக்குக் கீழே

கரண்ட் போய் வந்தபின் தொழிற்சாலையின் 11 கிலோவோல்ட் பிரேக்கரைப் போடுகிறார்கள். போட்ட கணமே ட்ரிப். டிரான்ஸ்பார்மரைத் தட்டிப் பார்த்து, மெக்கர் வைத்துச் சோதித்தால் பழுது எதுவும் இல்லை. மறுபடி போட்டால் நிற்கிறது. இப்படி நடந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரிலேயில் உள்ள ஹைசெட் எண்ணை. தாமதமே இல்லாமல், கரண்ட் ஒரு அளவைத் தாண்டிய உடனே பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் பகுதி அது.

டிரான்ஸ்பார்மரின் இரும்புக் கோரில், அணைக்கும்போது கொஞ்சம் காந்தம் தங்கிவிடுகிறது. அடுத்த முறை போடும் கணத்தில் மின்னழுத்த அலை எந்த இடத்தில் இருக்கிறது என்பது நம் கையில் இல்லை. அமையாத இடத்தில் அமைந்தால் கோர் நிரம்பிவிடும். வேலை எதுவும் செய்யாமலே டிரான்ஸ்பார்மர் பெரும் கரண்ட்டை இழுக்கும். இதுதான் இன்ரஷ். முழுச்சுமைக் கரண்ட்டைப் போல 8 முதல் 12 மடங்கு என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். சிறிது நேரத்தில் தானே தணிந்துவிடும். ஹைசெட் அதற்குக் காத்திருக்காது என்பதுதான் சிக்கல்.

1600 கே.வி.ஏ., 11 கிலோவோல்ட் / 433 வோல்ட் டிரான்ஸ்பார்மர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெயர்ப்பலகையில் இம்பீடன்ஸ் 6.25 சதவீதம். எச்.டி. பக்கம் முழுச்சுமைக் கரண்ட் 84 ஆம்ப். 12 மடங்கு இன்ரஷ் என்றால் சுமார் 1,000 ஆம்ப். எல்.டி. டெர்மினலிலேயே மூன்று பேஸும் ஷார்ட் ஆனால், 84-ஐ 0.0625-ஆல் வகுக்க, எச்.டி. பக்கம் 1,344 ஆம்ப் வரும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரிகிறதல்லவா? 1,150-ல் வைத்தால் இன்ரஷிலும் ட்ரிப் ஆகாது, எல்.டி. ஷார்ட்டும் மாட்டிக்கொள்ளும் என்று கை பரபரக்கும்.

அவசரப்பட வேண்டாம். 1,344 என்பது பின்னால் உள்ள மின்வலை எல்லையற்ற பலம் கொண்டது என்று எடுத்த எண். அந்த இடத்தின் ஷார்ட் சர்க்யூட் அளவு 150 எம்.வி.ஏ. என்றால் மின்வலையின் இம்பீடன்ஸும் சேர்ந்து கரண்ட் சுமார் 1,150-க்கு இறங்கிவிடும். ஆர்க்கின் தடை அதையும் குறைக்கும். ஆக, வைத்த எண்ணும் வரும் கரண்ட்டும் ஒன்றையொன்று உரசி நிற்கின்றன. எர்த் ஃபால்ட் நிலை இன்னும் மோசம். டெல்டா-ஸ்டார் டிரான்ஸ்பார்மரில் எல்.டி. பக்கம் ஒரு பேஸ் எர்த் ஆனால் எச்.டி. பக்கம் அது இரண்டு பேஸ்களில் சுமார் 700 ஆம்ப்பாகவே தெரியும். இன்ரஷைவிடக் குறைவு, ஹைசெட்டுக்கு அது கண்ணிலேயே படாது.

அதோடு முடியவில்லை. பேனலுக்குப் பக்கத்திலேயே ஏதோ ஒரு மோட்டார் ஃபீடரில் ஷார்ட் ஆனால், அந்த ஃபீடர் பிரேக்கர் மட்டும் திறக்க வேண்டிய இடத்தில் எச்.டி. பிரேக்கரும் கூடவே திறந்து தொழிற்சாலை முழுவதும் இருட்டாகும். என் பார்வையில், ஒரு ஃபீடருக்காக எல்லாவற்றையும் அணைக்கும் அமைப்பைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. எனவே வழக்கமான வழி, ஹைசெட்டை எல்.டி. ஷார்ட்டுக்கும் மேலே ஏற்றிவிடுவது: 1,344-ஐ 1.3-ஆல் பெருக்கி 1,750 ஆம்ப். இன்ரஷ் தானாகவே கீழே ஒதுங்கிவிடும். எச்.டி. டெர்மினலில் ஷார்ட் ஆனால் 7,900 ஆம்ப் வரும், அதை ஹைசெட் தவறவிடாது. எல்.டி. பக்கத்துப் பழுதுகள், தாமதத்தோடு இயங்கும் ஓவர்கரண்ட் பகுதிக்கும் எல்.டி. பிரேக்கருக்கும் உரியவை.

ட்ரிப் ஆனது இன்ரஷாலா, பழுதாலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நியூமெரிக்கல் ரிலேயில் பதிவான அலைவடிவத்தைத் திறந்து பாருங்கள். இன்ரஷ் என்றால் அலை பூஜ்யக் கோட்டின் ஒரு பக்கமாகவே கூர்கூராக எழும். இரு கூர்களுக்கு நடுவே சற்று நேரம் பூஜ்யத்தில் தட்டையாகக் கிடக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் உயரம் குறையும். இரண்டாம் ஹார்மோனிக் தூக்கலாக இருக்கும். ஷார்ட் என்றால், தொடக்கச் சாய்வு போனபின் இரு பக்கமும் சமமாக ஏறி இறங்கும், தானாகத் தணியாது.

நடுவில் வைப்பது எப்போதுமே தவறு என்பதில்லை. 500 கே.வி.ஏ., 4 சதவீத இம்பீடன்ஸ் கொண்ட டிரான்ஸ்பார்மரில் முழுச்சுமை 26 ஆம்ப், 12 மடங்கு இன்ரஷ் 315 ஆம்ப். அதே மின்வலையில் எல்.டி. ஷார்ட் 600 ஆம்ப்பைத் தொடும். அது ஒரே ஒரு பெரிய இயந்திரத்துக்கு மட்டும் கொடுத்ததாகவும், கீழே காத்திருந்து கொடுக்க வேறு பிரேக்கர் இல்லாததாகவும் இருந்தால் 400-ல் வைக்கலாம். அப்போதும் எர்த் ஃபால்ட் 360 ஆம்ப் அளவில் அடியில் நழுவிப் போகும் என்பதால், எல்.டி. நியூட்ரலில் தனியே ஒரு சி.டி.யும் எர்த் ஃபால்ட் ரிலேயும் வேண்டும்.